புள்ளியெல்லாம் சரி, கிராஃபுக்கு மட்டும் முட்டை

ஊசல்_பாவி

பிளஸ் ஒன் படிக்கிறேன். தனி ஊசல் எக்ஸ்பெரிமென்ட் ரெக்கார்டு நேத்து திரும்பி வந்துச்சு. கிராஃபுக்கு மூணு மார்க்காம், எனக்கு முட்டை. தாள் முழுக்க சிவப்பு மையில குறுக்கா ஒரு கோடு, ஓரத்துல "அச்சு? அலகு? அளவு?"ன்னு மூணு கேள்விக்குறி. அவ்வளவுதான்.

ஆறு புள்ளி வச்சேன், ஆறும் சரி. பக்கத்துல உக்காந்திருக்கிறவனோட தாளை என் தாள் மேல வச்சு ஜன்னல் வெளிச்சத்துல பார்த்தேன். அவன் அளவு வேற, அதனால ஒண்ணு மேல ஒண்ணு விழல. ஆனா அட்டவணையோட ஒப்பிட்டா என் புள்ளி ஒண்ணுகூட நகரல. கோடும் நேர்க்கோடா வந்திருக்கு. அச்சுல 10, 20, 30ன்னு எண்ணும் போட்டிருக்கேன். எது நீளம், எது T² என்கிறதை மட்டும் எழுதல. அது அட்டவணையைப் பார்த்தாலே தெரியுமே? இதுக்கு அரை மார்க் குறைக்கலாம், மொத்தத்தையும் எப்படி அடிக்கலாம்?

கரூர்_கண்ணம்மா

ரீடோட்டலிங் போடுங்க தம்பி. என் பொண்ணுக்கு பிளஸ் டூவுல அப்படித்தான் ஏழு மார்க் கூட வந்துச்சு. கடைசித் தேதியை மட்டும் விட்டுடாதீங்க.

ஊசல்_பாவி

அக்கா, இது ரெக்கார்டு நோட்டு. பப்ளிக் பேப்பர் இல்ல. போட்டா எங்க சாரே சிரிப்பார்.

ஆய்வகச்_சாவி

முப்பத்தோரு வருஷம் மேல்நிலைப் பள்ளியில இயற்பியல் எடுத்தவன், இப்போ ஓய்வு. உங்க சாருக்கு வக்காலத்து வாங்க வரல. மூணுக்கு முட்டை போட்டது எனக்கும் அதிகமாத்தான் படுது. ஆனா "புள்ளி சரி" என்று சொல்றீங்களே, அதைப் பத்திக் கொஞ்சம் பேசணும்.

முதல்ல மூணு விஷயம் சொல்லுங்க. அட்டவணை என்ன? ரெண்டு அச்சுலயும் ஒரு சென்டிமீட்டருக்கு எவ்வளவு எடுத்தீங்க? கிராஃபிலேருந்து g எவ்வளவு வந்துச்சு?

ஊசல்_பாவி

சார், அட்டவணை இது. 20 அலைவுக்கு ஸ்டாப் வாட்ச் வச்சு எடுத்தது.

```
l (cm)   20T (s)   T (s)    T² (s²)
60       31.4      1.570    2.465
70       33.8      1.690    2.856
80       36.1      1.805    3.258
90       38.3      1.915    3.667
100      40.3      2.015    4.060
110      42.3      2.115    4.473
```

எக்ஸ் அச்சுல 1 சென்டிமீட்டருக்கு 10, ஒய் அச்சுல 1 சென்டிமீட்டருக்கு 0.3. ரெண்டும் பூஜ்யத்துலேருந்து.

கிராஃபிலேருந்து g எழுதல. சாய்வு 1.34 வந்துச்சு, g = 4π²/சாய்வுன்னு போட்டா 29.5 வருது. எங்கேயோ கணக்குல தப்புன்னு நினைச்சு, l/T² சராசரியை வச்சு 968 cm/s²ன்னு எழுதிட்டேன். சாய்வை அழிச்சிட்டேன். (அழிச்ச தடம் தெரியுது, மறைக்க முடியல.)

கோடிங்_குமரன்

நான் மெக்கானிக்கல் மூணாவது வருஷம். ப்ரோ, எங்க காலேஜ்ல எக்செல்லே அளவை எடுத்துக்கும், யாரும் கேக்கறதில்ல. 0.3 எடுத்தா என்ன, 0.7 எடுத்தா என்ன, புள்ளி அதே இடத்துல விழுந்தா சரி. பூஜ்யத்துலேருந்து ஆரம்பிச்சிருக்க இல்ல, அதுதான் முக்கியம். எந்த கிராஃபா இருந்தாலும் பூஜ்யத்துலேருந்துதான் ஆரம்பிக்கணும், இல்லன்னா ஏமாத்து வேலை.

ஆய்வகச்_சாவி

தம்பி ஊசல், அந்த 29.5ஐ அழிச்சீங்க பாருங்க, உங்க கிராஃபோட கதை முழுக்க அதுலதான் இருக்கு. எப்படி வந்துச்சுன்னு நான் சொல்லிப் பார்க்கறேன், சரியான்னு சொல்லுங்க.

முதல் புள்ளிக்கும் கடைசிப் புள்ளிக்கும் நடுவுல ஒரு முக்கோணம் போட்டிருப்பீங்க. படுக்கையா ஸ்கேல் வச்சு அளந்தா 5 சென்டிமீட்டர். நெட்டுக்குத்தா அளந்தா 6.7 சென்டிமீட்டர். 6.7ஐ 5ஆல வகுத்து 1.34. அப்படித்தானே?

ஊசல்_பாவி

ஆமா சார்! எப்படிக் கண்டுபிடிச்சீங்க?

ஆய்வகச்_சாவி

முப்பத்தோரு வருஷத்துல நூத்துக்கணக்கான 29.5 பார்த்தாச்சு. எண் வேற வேறயா இருக்கும், தப்பு ஒண்ணுதான்.

நீங்க அளந்தது காகிதத்தோட சாய்வு. ஊசலோட சாய்வு இல்ல. காகிதத்துல 5 சென்டிமீட்டர்னா ஊசல் நூல்ல 50 சென்டிமீட்டர். காகிதத்துல 6.7 சென்டிமீட்டர்னா 6.7 × 0.3, அதாவது 2.01 s². இப்போ வகுங்க:

```
சாய்வு = 2.01 s² / 50 cm = 0.0402 s²/cm
g = 4π² / 0.0402 = 39.48 / 0.0402 ≈ 982 cm/s²
```

29.5 எங்கே, 982 எங்கே. அச்சு ஓரத்துல T² (s²) என்றும் l (cm) என்றும் எழுதியிருந்தா, முக்கோணத்தோட நெட்டுப் பக்கத்தைப் பார்க்கும்போதே "இது நொடி வர்க்கம்"னு கை சொல்லியிருக்கும். ஸ்கேலை எடுத்திருக்க மாட்டீங்க, அச்சுல இருக்கற எண்ணைப் படிச்சிருப்பீங்க. வெறும் 1.34க்கு அலகு கிடையாது. அலகு இல்லாத சாய்வை 4π²க்குக் கீழே போட்டா என்ன அலகுல g வரும்னு கேட்டிருந்தாலே அங்கே நின்னிருப்பீங்க.

அச்சுக்குப் பேர் எழுதறது அலங்காரம்னு பசங்க நினைக்கறாங்க. இங்கே அது இல்லாததாலதான் விடை தப்பாச்சு. தப்பான விடையை நீங்களே அழிச்சிட்டீங்க, அதனால சார் கண்ணுக்கு "வரைஞ்சிருக்கான், ஆனா எதுக்கும் பயன்படுத்தல" என்றுதான் தெரிஞ்சிருக்கும்.

புங்கோல்_பார்வதி

சிங்கப்பூர்ல டியூஷன் எடுக்கறேன். சாவி ஐயா சொன்னது சரி. எங்க ஊர் ஏ லெவல்ல அலகை அடைப்புக்குறியில போட மாட்டாங்க, T²/s² என்று சாய்கோடு போட்டு எழுதச் சொல்வாங்க. T²ஐ s²ஆல வகுத்தா வெறும் எண், அந்த எண்தான் அச்சுல இருக்குன்னு அர்த்தம். தம்பி அப்படி எழுதினா உங்க சார் ஒத்துப்பாரான்னு தெரியல, "T²ஐ எதால வகுக்கற?"ன்னு கேட்டாலும் கேட்பார். உங்க பள்ளியில எப்படியோ அப்படியே எழுதுங்க.

எனக்கு 0.3 பத்திதான் பேசணும். குமரன், "எது எடுத்தா என்ன"ன்னு சொன்னது கம்ப்யூட்டருக்குச் சரி. கையால வரையறவங்களுக்கு 0.3 நரகம். ஒரு சென்டிமீட்டர்ல பத்து சின்னக் கட்டம், ஒரு கட்டம் 0.03. 2.856 எங்கே வைக்கணும்? கால்குலேட்டர் இல்லாம சொல்லுங்க பார்ப்போம்.

ஊசல்_பாவி

நான் ஒவ்வொண்ணையும் 0.3ஆல வகுத்துத்தான் வச்சேன் அக்கா. 2.856 ÷ 0.3 = 9.52. அதனாலதான் புள்ளி சரியா விழுந்துச்சு.

புங்கோல்_பார்வதி

அதைத்தான் சொல்றேன்பா. நீ ஆறு தடவை வகுத்த. உன் கோட்டு மேல நடுவுல ஒரு இடத்தைத் தொட்டு "இங்கே T² எவ்வளவு"ன்னு உங்க சார் படிக்கணும்னா அவரும் பெருக்கணும். 0.2 எடுத்திருந்தா ஒரு கட்டம் 0.02, கண்ணாலேயே படிச்சிடலாம். 1, 2, 5, இல்ல அதோட பத்து மடங்கு, பத்துல ஒரு பங்கு. 3, 7 பக்கமே போகாதே. 4 எடுக்கறவங்களும் உண்டு, எனக்குப் பிடிக்காது.

மோட்டார்_முருகேசன்

படிப்பு விஷயம் எனக்குத் தெரியாதுங்க. என் அனுபவம் ஒண்ணு சொல்றேன். போர்வெல்லுக்கு நீர்மூழ்கி மோட்டார் வாங்கப் போனப்போ கடைக்காரர் ஒரு ஜெராக்ஸ் தாள் காட்டினார், வளைகோடு போட்டது. ஒரிஜினல்ல இடது ஓரம் மீட்டர், வலது ஓரம் அடின்னு ரெண்டு கணக்கும் இருக்குமாம். ஜெராக்ஸ்ல இடது ஓரமும், தலைப்பு வரியும் வெட்டுப்பட்டுப் போச்சு. வலது ஓரத்து எண் மட்டும் இருந்துச்சு. எனக்கு வேண்டியது 60 மீட்டர் ஏத்தணும். நான் கேட்ட தண்ணி அளவுக்கு நேரா 120ன்னு இருந்துச்சு. ரெண்டு மடங்கு பலம்னு சந்தோஷமா வாங்கி இறக்கினேன். தண்ணி வரல. 120 அடின்னா 37 மீட்டர்கூட இல்லைங்களே. மோட்டாரை மேல தூக்கி மாத்த ஆன கூலி தனி.

அந்தத் தாள்லயும் கோடு சரியாத்தான் இருந்துச்சுங்க.

கோடிங்_குமரன்

அண்ணே செம. சரி, 0.3 விஷயத்துல ஒத்துக்கறேன். ஆனா பூஜ்யம் விஷயத்துல நான் சொன்னது சரிதானே? இவன் புள்ளியெல்லாம் 60லேருந்து 110 வரைக்கும். கீழே பாதித் தாள் காலி. "தாளை நிரப்பணும்"னு சொல்ற வாத்தியார் இதைத்தான் அடிச்சிருப்பார்னு நினைக்கிறேன்.

ஆய்வகச்_சாவி

குமரன், இந்தப் பரிசோதனைக்கு நீங்க சொன்னது சரி. "எந்த கிராஃபா இருந்தாலும்" என்பதுதான் இடிக்குது. நியூட்டன் குளிர்வு விதிக்கு வெந்நீர் 80 டிகிரியிலேருந்து 40 வரைக்கும் இறங்குது. அங்கே போய் பூஜ்யத்துலேருந்து ஆரம்பிச்சா வளைவு பாதித் தாள்ல நசுங்கிடும், அந்தக் காலி இடத்துல பார்க்க ஒண்ணும் இல்ல. ஆனா ஊசலுக்குப் பூஜ்யம் வேணும். நீளம் பூஜ்யம்னா T²உம் பூஜ்யம், கோடு மூலையைத் தொட்டுப் போகணும். தொடுதா இல்லையான்னு பார்க்கறதுலதான் இந்த கிராஃபோட ருசியே.

தம்பி ஊசல், உங்க கோட்டைக் கீழ்ப்பக்கம் நீட்டிப் பார்த்தீங்களா?

ஊசல்_பாவி

முதல் புள்ளியிலேயே நிறுத்திட்டேன் சார். இப்போ ஸ்கேல் வச்சு நீட்டினேன். கிட்டத்தட்ட மூலைக்கு வருது. ஒரு ஒன்றரைக் கட்டம் மேல வெட்டுது. பென்சில் தடிமன்னு நினைச்சேன்.

ஆய்வகச்_சாவி

பென்சில் தடிமனாவும் இருக்கலாம், உங்க அளவுல அதைப் பிரிச்சுச் சொல்ல முடியாது. அதனால இன்னொரு தாள் எடுங்க. ஒய் அச்சுல 1 சென்டிமீட்டருக்கு 0.2 s². உங்க பெரிய எண் 4.473, அது 22.4 சென்டிமீட்டர் உயரத்துல விழும். தாளை நெட்டுக்குத்தா வச்சா அடங்கிடும். எக்ஸ் அச்சு 10 cmஆவே இருக்கட்டும். கோட்டை மெல்லிசா இழுத்து அச்சு வரைக்கும் கொண்டு போங்க. எங்கே வெட்டுதுன்னு சொல்லுங்க.

அது வரைக்கும் இன்னொண்ணு. உங்க l/T² எண்களை வரிசையா எழுதிப் பாருங்க. சராசரி எடுக்க அவசரப்படாம, மேலேருந்து கீழே படிங்க.

ஊசல்_பாவி

24.34, 24.51, 24.55, 24.54, 24.63, 24.59. கொஞ்சம் கொஞ்சமா ஏறுது சார்? அளவீட்டுப் பிழைன்னா மேலயும் கீழயும் மாறி மாறித்தானே வரணும்?

வேதியல்_வினோதினி

நல்ல கேள்வி கேட்டுட்டான் பையன்.

நான் பள்ளியில வேதியியல் எடுக்கறேன். ஒரு சாயங்காலத்துக்கு ஐம்பத்துச் சொச்சம் ரெக்கார்டு திருத்தறவ. உண்மையைச் சொல்லிடறேன், அச்சுல பேர் இல்லாத கிராஃபை நானும் புள்ளி புள்ளியாப் பார்க்க மாட்டேன். பார்க்கணும்னா அட்டவணைப் பக்கத்துக்குப் போய், எது எந்த அச்சுன்னு ஊகிச்சு, அளவைக் கண்டுபிடிச்சு, அப்புறம்தான் சரிபார்க்கணும். மேல் மூலையில அளவை எழுதாதவங்களுக்கு அந்த வேலையை நான் ஏன் செய்யணும்? ஆனா முட்டை போட மாட்டேன். ஒரு மார்க் கொடுத்து திருப்பி வரையச் சொல்வேன்.

ஆய்வகச்_சாவி

வினோதினி டீச்சர், ஒரு மார்க் கொடுத்தா எவன் திருப்பி வரையறான்? நானும் முதல் பத்து வருஷம் கொடுத்துப் பார்த்தேன்.

வேதியல்_வினோதினி

முட்டை போட்டா மட்டும் வரையறாங்களா சார்? பக்கத்துத் தாளைப் பார்த்து அச்சுப் பேரை எழுதிக்கிட்டு வந்து நிப்பாங்க. மூணு கேள்விக்குறி போட்டுட்டுப் போறதுக்குப் பதிலா "சாய்வுக்கு அலகு என்ன?"ன்னு ஒரே ஒரு கேள்வி எழுதியிருந்தா இந்தப் பையன் அன்னைக்கே கண்டுபிடிச்சிருப்பான்.

ஆய்வகச்_சாவி

அந்தக் கேள்வி நல்லாத்தான் இருக்கு. மார்க் விஷயத்துல நான் மாறறதா இல்ல.

ஊசல்_பாவி

வரைஞ்சுட்டேன் சார். மேல் வலது மூலையில எக்ஸ் அச்சு 1 cm = 10 cm, ஒய் அச்சு 1 cm = 0.2 s²ன்னு எழுதினேன். அச்சு ஓரத்துல l (cm), T² (s²). கோடு மூலையைத் தொடல. ஒய் அச்சுல ரெண்டரைக் கட்டம் மேல வெட்டுது, அதாவது 0.05 s². அதையே இடது பக்கம் நீட்டினா எக்ஸ் அச்சுல பூஜ்யத்துக்கு அந்தப் பக்கம் ஒரு கட்டத்துக்குக் கொஞ்சம் அதிகம். −1.2 cm மாதிரி.

நீளம் மைனஸ்ல எப்படி சார் வரும்?

புங்கோல்_பார்வதி

ஆஹா. சாவி ஐயா, நான் சொல்லட்டுமா? தம்பி, நூலை எங்கேயிருந்து எங்கே வரைக்கும் அளந்த?

ஊசல்_பாவி

மேல தக்கையிலேருந்து குண்டு தொடங்கற இடம் வரைக்கும் அக்கா. குண்டோட மேல்விளிம்பு.

புங்கோல்_பார்வதி

அப்போ குண்டோட நடு வரைக்கும் இன்னும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம் விட்டுப் போச்சு. நீ 60ன்னு எழுதினது நிஜத்துல 61 சொச்சம், 110ன்னு எழுதினது 111 சொச்சம். ஒவ்வொரு புள்ளியும் அதே தூரம் இடது பக்கம் நகர்ந்திருக்கு. மொத்தக் கோடும் சேர்ந்து நகர்ந்தா சாய்வு மாறாது, அதனால கிராஃப் 982 கொடுத்துச்சு. ஆனா l/T²ல அந்த ஒரு சென்டிமீட்டர் 60ல அதிகமா உறைக்கும், 110ல குறைவா உறைக்கும். அதான் வரிசை ஏறிச்சு, சராசரியும் 968ன்னு இறங்கிப் போச்சு.

கோடிங்_குமரன்

இரு இரு. அப்போ இவன் தப்புன்னு அழிச்சதுதான் சரி, சரின்னு எழுதினதுதான் தப்பா?

ஆய்வகச்_சாவி

அழிச்ச எண் தப்பு. அந்த எண் எங்கேயிருந்து வந்துச்சோ அந்தக் கோடு சரி. ரெக்கார்டுல எழுதின 968தான் இருக்கறதுலேயே பலவீனமான விடை.

ரொம்பவும் ஆடிடாதீங்க, ஒரு எச்சரிக்கை. ஸ்டாப் வாட்ச்ல 0.1 நொடி முன்னே பின்னே ஆனா 31 நொடிக்கு அது 0.3 சதவீதம், T²ல 0.6 சதவீதம் ஆயிடும். அதனால −1.2ல அந்த 0.2ஐ நான் நம்ப மாட்டேன். ஒரு சென்டிமீட்டர் பக்கத்துல ஏதோ விட்டுப் போச்சு என்கிற அளவுக்கு நம்பலாம். நாளைக்கு லேபுக்குப் போய் வெர்னியர்ல குண்டோட விட்டத்தை அளங்க.

மோட்டார்_முருகேசன்

ஒரு குண்டு பாதி அளவு விட்டதைக் காகிதம் காட்டிக்கொடுக்குதுங்களா? அடேயப்பா.

ஊசல்_பாவி

அப்டேட். விட்டம் 2.2 cm. ஆரம் 1.1. எல்லா l கூடவும் 1.1 சேர்த்து l/T² திரும்பப் போட்டேன்: 24.79, 24.89, 24.89, 24.84, 24.90, 24.84. ஏறல. சராசரி 24.86, g = 981. கிராஃபோட 982ம் இதுவும் ஒண்ணாயிடுச்சு.

புங்கோல்_பார்வதி

நம்ம ஊர்ப் பக்கம் நிஜ மதிப்பு 978 கிட்டத்தான். பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல இருக்கறதால 980ஐவிடக் கொஞ்சம் குறைவு. உன் ஸ்டாப் வாட்சுக்கு 981 ரொம்ப நல்ல விடை.

கரூர்_கண்ணம்மா

மார்க் வந்துச்சா தம்பி?

ஊசல்_பாவி

புது கிராஃபைக் காட்டினேன் அக்கா. சார் கோட்டை நீட்டின இடத்தை ரொம்ப நேரம் பார்த்தார். "இதை யார் சொல்லிக் கொடுத்தா?"ன்னு கேட்டார். கிராஃபுக்கு ரெண்டரை போட்டார். அளவை 0.2 s²ன்னு எழுதினவன் தலைப்புல "நீளம் எதிர் அலைவுநேரம்"னு எழுதியிருக்கேனாம், அலைவுநேரத்தின் வர்க்கம்னு எழுதலையாம், அதுக்கு அரை போச்சு.

அப்புறம் அட்டவணைப் பக்கத்தைத் திருப்பினார். அங்கே l இன்னும் 60, 70ன்னே இருக்கு. சிவப்புப் பேனாவை எடுத்து முழு அட்டவணைக்கும் குறுக்கா ஒரு கோடு.